டோக்கன், கான்டெக்ஸ்ட் விண்டோ: தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

கோமதி, மயிலாப்பூர்:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஏஐ கலைச்சொல் பட்டியல்ல டோக்கன், கான்டெக்ஸ்ட் விண்டோ ரெண்டும் இன்னும் காலியா கிடக்கு. டோக்கனுக்கு "வில்லை"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், ஆனா இங்க வில்லைன்னா மாத்திரைதான் ஞாபகம் வருது. கான்டெக்ஸ்ட் விண்டோவுக்கு "சூழல் சாளரம்". இதையே வச்சுக்கலாமா?

பாலு, தாம்பரம்:

அக்கா, டோக்கன்னா சொல்தானே, "சொல்லலகு"ன்னு வச்சிடுங்க. மத்தது மாடலோட மெமரி, அதனால "நினைவு அளவு". நான் 30 பக்க கிரயப் பத்திரத்தை ஒரு சாட் ஆப்புல போட்டு கேள்வி கேட்டேன், மொதல்ல எல்லாம் சரியா சொல்லிச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு விக்கிறவர் பேரு கேட்டா வேற யாரையோ சொல்லுது. மறந்துடுது, அவ்ளோதான்.

நித்யா, திருவான்மியூர்:

பாலு அண்ணே, பாதி சரி. ஆனா மாடலுக்கு ரெண்டு கேள்விக்கு நடுவுல எதையும் வச்சுக்கிற இடமே கிடையாது. நீங்க ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் ஆப்பு பத்திரம், பழைய கேள்வி, பழைய பதில் எல்லாத்தையும் சேர்த்து மறுபடி மொதல்லேர்ந்து அனுப்புது. இதெல்லாமும் வரப்போற பதிலும் சேர்ந்து கான்டெக்ஸ்ட் விண்டோங்கிற ஒரே அளவுக்குள்ளதான் அடங்கணும். உங்க பத்திரம் 25,000 டோக்கன், அளவு 32,000ன்னு வைங்க. மிச்சம் 7,000. ஒரு கேள்வி பதிலுக்கு ஆயிரம் போனா ஏழெட்டுல நிரம்பிடும், அப்புறம் நிறைய ஆப்பு சத்தமில்லாம பழசுலேர்ந்து வெட்டும். பழசுன்னா என்ன, பத்திரத்தோட மொத பக்கம், விக்கிறவர் பேரு இருக்கிற பக்கம். மாடல் மறக்கல, அதுகிட்ட அந்தப் பக்கம் போகவே இல்ல, அதனால பேரை ஊகிச்சு சொல்லுது.

சொல்லலகும் ஒத்து வராது. உரையை டோக்கனா வெட்டுற நிரல்தான் டோக்கனைசர். நிறைய டோக்கனைசர் பார்க்கிறது பைட்டை, அடிக்கடி சேர்ந்து வர்ற பைட்டுகளை ஒட்டி ஒட்டி பெருசாக்கும். "நீதிமன்றம்" நமக்கு ஒரு சொல், யூனிகோடுல 10 குறி, யுடிஎஃப்-8ல 30 பைட். பயிற்சித் தரவுல தமிழ் கம்மியா இருந்தா ஒட்டுறதும் கம்மி, அதனால ஒரு எழுத்துக்கு உள்ளயே வெட்டு விழும். 2024ல ஜிபிடி-4ஓ மாடல் வந்தப்ப ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு சின்ன தமிழ் வாசகத்தை எடுத்துக்காட்டா போட்டாங்க: பழைய டோக்கனைசர்ல 116, புதுசுல 35. அந்தக் கணக்குல பார்த்தா புதுசுல 25,000 வர்ற பத்திரம் பழசுல 80,000 தாண்டும், 32,000க்குள்ள நுழையவே நுழையாது. எண்ணிப் பாக்க இந்த பைத்தான் நிரல் போதும், cl100k_base பழசு, o200k_base புதுசு, அந்த நிறுவன மாடல்களுக்கு மட்டும்தான் இந்த எண் பொருந்தும்:

```
import tiktoken
s = open("deed.txt", encoding="utf-8").read()
for n in ("cl100k_base", "o200k_base"):
    print(n, len(tiktoken.get_encoding(n).encode(s)))
```

என் ஓட்டு "துணுக்கு"க்கு. அது சொல்லாவும் இருக்கலாம், எழுத்தோட ஒரு பாகமாவும் இருக்கலாம்.

தணிகாசலம், பெரம்பூர்:

அம்மா நித்யா, என் கட்டுரை வெறும் நாலு பக்கம்தான், அதையே இது படிக்க மாட்டேங்குது, ஏதோ உளறுது. அளவு பத்தலையா? 2003ல பாமினி எழுத்துருவுல அடிச்சது.

நித்யா:

ஐயா, அது அளவுப் பிரச்சினை இல்ல. பாமினியில "தமிழ்"னு நீங்க பாக்கிறது கோப்புக்குள்ள `jkpo;`ன்னுதான் இருக்கும், மாடலுக்குப் போறதும் அதுதான். யூனிகோடுக்கு மாத்திட்டு போடுங்க, சரியாயிடும்.

பாலு:

சரிம்மா, ஆனா ஒண்ணு இடிக்குது. புது சாட் திறந்து மொத கேள்வியே "யாருக்காவது நடைபாதை உரிமை இருக்கா"ன்னு கேட்டேன், இல்லன்னுச்சு. அது 17ஆம் பக்கத்துல தெளிவா இருக்கு. இங்க எதுவும் வெட்டுப்படலையே?

நித்யா:

இது வேற கோளாறு அண்ணே. எல்லாம் உள்ள போயிருக்கலாம், ஆனா நீளமான உரையில தொடக்கத்தையும் முடிவையும் புடிக்கிற அளவுக்கு நடுவுல இருக்கிறதை மாடல் புடிக்கிறதில்ல, 2023லயே சோதிச்சு எழுதியிருக்காங்க. பக்கம் உள்ள போச்சான்னு பாக்க ஒரு வழி: 17ஆம் பக்கத்துல ஒரு வரியோட பாதியைக் குடுத்து மீதியைக் கேளுங்க. வரி மாறாம சொன்னா பக்கம் உள்ளதான் இருக்கு, தவறவிட்டிருக்கு. கதை விட்டா பெரும்பாலும் அந்தப் பக்கம் போகல, சில ஆப்பு முழுக் கோப்பையும் அனுப்பாம பொருந்துற மாதிரி தெரியுற சில பகுதியை மட்டும் எடுத்து அனுப்பும். பக்கம் உள்ள இருந்தும் தவறவிட்டிருந்தா, நடுவுல இருக்கிற அஞ்சு பக்கத்தை மட்டும் தனியா ஒட்டி கேளுங்க.

கோமதி:

அப்ப "நினைவு" வேணாம், படிக்கிறவங்க பாலு மாதிரியே மறதின்னு நினைச்சுப்பாங்க. டோக்கனுக்குத் துணுக்குன்னு போடுறேன், ஆனா பத்திரிகைக்காரங்க துணுக்குன்னா துணுக்குச் செய்தின்னு சொல்வாங்களே. மத்ததுக்கு சாளரத்தை விட "சூழல் வரம்பு" எனக்குப் புடிச்சிருக்கு, நிரம்பினா வெட்டுப்படும்னு அந்தப் பேருலயே தெரியுது.

தணிகாசலம்:

"சூழல்"னா சுற்றுச்சூழல்னு நினைப்பாங்கம்மா. "உரை வரம்பு"?

நித்யா:

ஐயா, நம்ம கேள்வி, ஆப்பு மறைவா சேர்க்கிற கட்டளை, மாடலோட பதில் எல்லாமே அதுக்குள்ள வருது. "உரை"ன்னா கொடுத்த பத்திரம் மட்டும்தான்னு தோணும். "துணுக்கு வரம்பு"ன்னா எதை எண்ணுறோம்னாவது தெரியும். கோமதி அக்கா, இந்த ஒண்ணை இன்னும் மூடாதீங்க.