ரோலிங் ஆஃப்செட்டில் துண்டு குறைந்துபோன அனுபவம் உண்டா?

ஜுபைல் ஃபிட்டர்
ஜுபைலில் 6 அங்குல லைன் ஒன்றில் நடந்தது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. லைன் 380 மி.மீ. மேலே ஏறி, அதே இடத்தில் 510 மி.மீ. பக்கவாட்டில் விலகி, பழைய திசையிலேயே தொடர வேண்டும். இரண்டு முனைகளிலும் 45 டிகிரி எல்போ. நான் 510-ஐ மட்டும் 1.414-ஆல் பெருக்கி, டிராவல் 721 என்று எழுதி, எல்போக்களுக்கும் ரூட் கேப்புக்கும் 196 கழித்து, 525-இல் பைப்பை வெட்டிவிட்டேன். செயின் பிளாக்கில் தூக்கிப் பிடித்தபோது துண்டுக்கும் மேல் எல்போவுக்கும் இடையே முக்கால் சாண் வெற்றிடம் தெரிந்தது. கீழே நின்ற ஹெல்பர் ஒன்றும் பேசாமல் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் மறக்கவில்லை. ஏற்றமும் விலகலும் சேர்ந்து ஒரு செவ்வகத்தின் மூலைவிட்டமாக ஆகின்றன என்பதை அன்று இரவுதான் தாளில் வரைந்து புரிந்துகொண்டேன். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 636. அதுதான் ட்ரூ ஆஃப்செட். அதை 1.414-ஆல் பெருக்க டிராவல் 899. வெட்ட வேண்டிய அளவு 703.

ஸ்பூல்காரன்
இவ்வளவு கணக்கு தேவையில்லை. ட்ரூ ஆஃப்செட் எவ்வளவோ, ரன்னும் அவ்வளவுதான். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் குறித்து வருகிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கப்பல்தள மேற்பார்வையாளர்
ஸ்பூல்காரன் கூறுவது 45 டிகிரிக்கு மட்டுமே பொருந்தும். அவருக்கு இதுவரை வேறு கோணம் வாய்க்கவில்லை என்று நினைக்கிறேன். 90 டிகிரி எல்போவை அறுத்து 60 டிகிரியாக்கிப் போட்டால், அதே 636-க்கு டிராவல் 1.155 மடங்காக 734 ஆகும், ரன் 0.577 மடங்காக 367-தான் வரும். அவர் முறையில் 636 என்று குறித்தால் லைன் 269 மி.மீ. தள்ளி நிற்கும். எல்போவுக்குக் கழிப்பதும் மாறும்: 6 அங்குல லாங் ரேடியஸில் 45 டிகிரிக்கு 95, 60 டிகிரிக்கு 132.

என்னை உறுத்துவது வேறொன்று. ஜூரோங்கில் ஒரு ஃபிட்டர் இதே போன்ற ஆஃப்செட்டுக்குத் துண்டைச் சரியாக வெட்டிவிட்டு, 45 டிகிரி எல்போ என்பதால் அதை மேல்நோக்கியும் 45 டிகிரி திருப்பி டேக் அடித்துவிட்டார். நீளம் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேலே உள்ள அளவிலேயே சொன்னால், அவ்வாறு திருப்பினால் ஏற்றமும் விலகலும் இரண்டுமே 450 ஆகிவிடும். லைன் 70 மி.மீ. உயர்ந்தும் 60 மி.மீ. பக்கவாட்டில் குறைந்தும் போகும். எல்போவின் கோணமும் அதைத் திருப்பும் கோணமும் ஒன்றல்ல. 380-ஐ 510-ஆல் வகுத்து வரும் திருப்புக் கோணம் 36.7 டிகிரி. பைப்பின் சுற்றளவு 529 என்பதால், பக்கவாட்டு நடுக்கோட்டிலிருந்து மேல்நோக்கி டேப்பால் 54 மி.மீ. அளந்து குறித்து, எல்போவின் முதுகின் நடுக்கோட்டை அதற்கு நேர் எதிரே வைக்க வேண்டும். இரண்டாவது எல்போவும் அதே தளத்தில் நிற்கிறதா என்று பார்க்காவிட்டால், வெளியேறும் பைப் முதல் பைப்புக்கு இணையாக இருக்காது. டேக் அடித்த பிறகு இரண்டு முனைகளிலும் ஏற்றத்தையும் விலகலையும் தனித்தனியே அளந்து பாருங்கள். நீளத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பைப் அளவு ஒன்றேயாக இருந்தால், அடிப்பக்கத்திலிருந்து அடிப்பக்கத்திற்கு அளந்தாலும் விடை மாறாது. ஆனால் ஒரு முனையில் அடியையும் மறுமுனையில் மையத்தையும் எடுத்தால் பாதி விட்டம், அதாவது 84 மி.மீ., பிழையாகும்.

பம்ப் ரூம்
எங்களுடையதில் இரண்டு முனைகளும் ஏற்கெனவே பொருத்தப்பட்ட நாசில்கள். இடையில் ரன் 500 மட்டுமே கிடைத்தது. 45 டிகிரி எல்போவை எப்படிப் போட்டாலும் பொருந்தவில்லை. எந்த எண்ணால் பெருக்குவது?

கப்பல்தள மேற்பார்வையாளர்
நீங்கள் கேட்பது தலைகீழான கணக்கு. இங்கே ரன்னும் ட்ரூ ஆஃப்செட்டும் முடிவாகிவிட்டன, கோணம்தான் விடை. உங்களுக்கும் ட்ரூ ஆஃப்செட் 636 என்றால், அதை 500-ஆல் வகுத்துக் கோணம் பார்க்கும்போது 51.8 டிகிரி வரும். 90 டிகிரி எல்போவை அந்த அளவுக்கு அறுக்க வேண்டும்.

ஜுபைல் ஃபிட்டர்
நன்றி ஐயா. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் 3 மி.மீ. ரூட் கேப் கழிக்கிறேன். எங்கள் ஃபோர்மேன், வெல்டிங் சுருக்கம் இருப்பதால் அதைக் கழிக்கவே கூடாது என்கிறார்.

ஸ்பூல்காரன்
நான் பாதியைக் கழிக்கிறேன். 60 டிகிரி பற்றி நாளை ஒரு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.