எஸ்சிசி: ரெண்டாவது டிஎஃப்எஸ்ஸுக்கு கிராஃபைத் திருப்பாம விட்டா எங்க உடையுது?

மூலக்கொத்தளம்:
ஒன்னுல இருந்து ஒன்னுக்குப் போகவும் திரும்பி வரவும் முடியுற நோடுகளைக் குழுவாப் பிரிக்க, கொசராஜு முறையில முதல் டிஎஃப்எஸ்ல முடியுற வரிசையை எழுதி வைக்கிறோம். அப்புறம் எல்லா அம்பையும் திருப்பிப் போட்டு, கடைசியா முடிஞ்ச நோடுல இருந்து ரெண்டாவது டிஎஃப்எஸ் ஓட்டுறோம். திருப்பணும்னே அவசியமில்லைன்னு தோணுது. அதே கிராஃப்ல, முதல்ல முடிஞ்சதுல இருந்து ஓட்டினாலும் விடை வருது. ஒருவழிப் பாதை மாதிரி ஒரு கற்பனை கிராஃப் (நிஜ ரோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை):

```
ராயபுரம் -> வண்ணாரப்பேட்டை
வண்ணாரப்பேட்டை -> தண்டையார்பேட்டை
தண்டையார்பேட்டை -> ராயபுரம், கொருக்குப்பேட்டை
கொருக்குப்பேட்டை -> வியாசர்பாடி
வியாசர்பாடி -> கொருக்குப்பேட்டை, பெரம்பூர்
```

கொருக்குப்பேட்டையில ஆரம்பிச்சா முடியுற வரிசை: பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை. அடுத்து ராயபுரத்துல ஆரம்பிச்சா தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம். இதே வரிசையில முன்னாடி இருந்து, திருப்பாத கிராஃப்ல ஓட்டினா பெரம்பூர் தனி, வியாசர்பாடியும் கொருக்குப்பேட்டையும் ஒன்னு, மத்த மூணும் ஒன்னு. மூணு குழுவும் சரி. பிரதி எடுக்குற மெமரி மிச்சம்.

எண்ணூர் காத்து:
இதுக்கு ஏன் டிஎஃப்எஸ்? யூனியன் ஃபைண்ட் போட்டா ஒரே ஓட்டத்துல முடிஞ்சிடும். நம்ம ஏரியா பைப் லைன் மேப்புக்கு அதுதான் ஓடுது.

பெரம்பூர் பிரிட்ஜ்:
காத்து, உங்க பைப் மேப்ல ரெண்டு முனையும் சேர்ந்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேள்வி, அதுக்கு அது போதும். யூனியன் ஃபைண்டுக்கு அம்போட திசை தெரியாது. மேல இருக்கற ஆறு இடத்தையும் ஒரே குழுன்னு சொல்லிடும். இங்க கேக்குறது, போனா திரும்பி வர முடியுமாங்கறது. பெரம்பூர் போனவன் திரும்பி வர அம்பே இல்லை.

தம்பி மூலக்கொத்தளம், உங்க விடை சரியா வந்தது எங்க ஆரம்பிச்சீங்கங்கறதால மட்டும்தான். அதே கிராஃப், அதே அம்புகள். வியாசர்பாடியில ஆரம்பிங்க. அங்கிருந்து முதல் அம்பு கொருக்குப்பேட்டைக்கு. அங்க இருக்கற ஒரே அம்பு வியாசர்பாடிக்கே திரும்புது, அது ஏற்கெனவே பார்த்தது. அதனால கொருக்குப்பேட்டை உடனே முடிஞ்சிடுது. அப்புறம்தான் பெரம்பூர், கடைசியா வியாசர்பாடி.

இப்ப உங்க முறைப்படி முதல்ல முடிஞ்ச கொருக்குப்பேட்டையில இருந்து ஓட்டுங்க. அங்கிருந்து வியாசர்பாடி, அங்கிருந்து பெரம்பூர். மூணும் ஒரே குழுவா ஒட்டிக்கிச்சு. தப்பு.

காரணம் இதுதான். ஒரு குழுவுல இருந்து இன்னொரு குழுவுக்கு அம்பு இருந்தா, முதல் குழுவுல கடைசியா முடியுற நோடு, ரெண்டாவது குழுவுல எல்லாமே முடிஞ்ச பிறகுதான் முடியும். எங்க ஆரம்பிச்சாலும் இது மாறாது. ஆனா முதல்ல முடியுற நோடைப் பத்தி அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. வெளிய போற அம்பைப் பார்க்குறதுக்கு முன்னாடியே குழுவுக்குள்ள ஒரு நோடு முடிஞ்சிடலாம், கொருக்குப்பேட்டை மாதிரி. அதனால நம்பக்கூடியது வரிசையோட கடைசி முனை மட்டும்தான். அங்க இருக்கறது, வெளியில இருந்து அம்பே வராத குழுவோட ஆளு. அவன்கிட்ட ஆரம்பிச்சு அந்தக் குழுவோட நிக்கணும்னா, வெளிய போற அம்பெல்லாம் உள்ள வர்றதா மாறணும். திருப்புறது அதுக்குத்தான்.

வியாசர்பாடியில ஆரம்பிச்ச அதே வரிசையை முறைப்படி பாருங்க. கடைசியா முடிஞ்சது ராயபுரம். திருப்பின கிராஃப்ல அங்கிருந்து தண்டையார்பேட்டை, அங்கிருந்து வண்ணாரப்பேட்டை, அதோட நின்னுடும். அடுத்து வியாசர்பாடி: கொருக்குப்பேட்டை கிடைக்குது, அங்கிருந்து தண்டையார்பேட்டைக்கு அம்பு இருந்தாலும் அது ஏற்கெனவே எடுத்தாச்சு. கடைசியா பெரம்பூர் தனியா.

மூலக்கொத்தளம்:
ஓட்டிப் பார்த்தேன், உடையுதுண்ணே. அப்போ முதல் டிஎஃப்எஸ்ஸையே திருப்பின கிராஃப்ல ஓட்டிட்டு, ரெண்டாவதை அசல்ல ஓட்டலாமா?

பெரம்பூர் பிரிட்ஜ்:
தாராளமா. திருப்பினாலும் குழுக்கள் அதேதான். ஆனா குழுக்கள் கிடைக்கிற வரிசை தலைகீழாயிடும். வழக்கமான முறையில அம்பு புறப்படுற குழு முதல்ல வரும். நீங்க சொல்றதுல போய்ச் சேருற குழு முதல்ல வரும்.

காசிமேடு அலை:
அந்த வரிசை விஷயம்தான் 2-SAT போடும்போது கழுத்தறுக்கும். டார்ஜான் கோடை எடுத்துட்டு கொசராஜு வச்சா, குழு எண்ணிக்கை சரியா இருக்கும், மாறிகளுக்குக் கொடுக்குற மதிப்பு மட்டும் தப்பும். வழக்கமான கொசராஜுல `comp[x] > comp[not x]` இருந்தா x உண்மை. டார்ஜான்ல குறி திரும்பிடும், `<` போடணும்.

இன்னொரு இடம், ரிகர்ஷன். பைதான்ல இயல்பான வரம்பு 1000. ஒரே சங்கிலியா 2 லட்சம் நோடு வந்தா சி++ ரிகர்ஷனும் ஸ்டாக் நிரம்பி விழலாம். அதனால எல்லாரும் ஸ்டாக்கை கையால எழுதுறாங்க, அங்கதான் தப்பு நுழையுது. பக்கத்து நோடு எல்லாத்தையும் ஸ்டாக்ல தள்ளிட்டு, வெளிய எடுக்கும்போதே வரிசையில எழுதிடறாங்க. அது போய்ச் சேர்ந்த வரிசை, முடிஞ்ச வரிசை இல்லை. பிரிட்ஜ் அண்ணன் கிராஃப்ல வியாசர்பாடியில ஆரம்பிச்சு, ஸ்டாக்ல இருந்து கொருக்குப்பேட்டை முதல்ல வெளிய வந்தா, வரிசை வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, பெரம்பூர்னு எழுதப்படும். ரெண்டாவது ஓட்டம் ராயபுரம் பக்கத்து மூணையும் சரியா எடுத்துட்டு, அடுத்து பெரம்பூர்ல ஆரம்பிக்கும். திருப்பின அம்புல வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ரெண்டையும் இழுத்துக்கும். நோடை ஸ்டாக்லயே வச்சிருந்து, எத்தனையாவது அம்புல நிக்குதுன்னு ஒரு எண் வைக்கணும்:

```python
while st:
    u = st[-1]
    if ptr[u] < len(adj[u]):
        v = adj[u][ptr[u]]
        ptr[u] += 1
        if not seen[v]:
            seen[v] = True
            st.append(v)
    else:
        order.append(u)
        st.pop()
```

எண்ணூர் காத்து:
அப்போ ரெண்டாவது ஓட்டத்துக்கும் இதே பாடுதானா?

காசிமேடு அலை:
இல்லைங்க. அங்க முடியுற வரிசை தேவையே இல்லை. எங்கெங்க போக முடியுதுன்னு தெரிஞ்சா போதும். பிஎஃப்எஸ் போட்டாலும் குழுக்கள் சரியா வரும்.

தப்பு இருக்கான்னு பார்க்க ஒரு வழி: நோடு எண்களையும் பக்கத்துப் பட்டியலையும் கலைச்சுக் கலைச்சு ஓட்டுங்க. குழு எண்ணிக்கை ஒரு தடவை மாறினாலும் வரிசையில கோளாறு. மாறலைன்னா சரின்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அதனால 6, 7 நோடு கிராஃப்ல ஒவ்வொரு ஜோடிக்கும் போக வர வழி இருக்கான்னு நேரடியா சோதிச்சு ஒப்பிடுங்க. மூலக்கொத்தளம் தம்பியோட கோடு ஒரு கிராஃப்ல பாஸ் ஆனது, ஒரே வரிசையில மட்டும் ஓட்டிப் பார்த்ததாலதான்.

மூலக்கொத்தளம்:
இவ்வளவுக்கு டார்ஜானே எழுதிடலாம் போல. 1972ல வந்தது, ஒரே ஓட்டம், திருப்ப வேண்டாம்.

பெரம்பூர் பிரிட்ஜ்:
எழுதலாம். ஆனா மெமரிக்காகன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. 10 லட்சம் அம்பை 4 பைட் எண்ணா ஒரே வரிசையில அடுக்கினா, திருப்பின பிரதிக்கு சுமார் 4 எம்பி, கூட நோடுக்கு ஒரு தொடக்க எண். பைதான்ல லிஸ்டுக்குள்ள லிஸ்டா வச்சாதான் அது ஊதுது. டார்ஜான்ல லோ-லிங்க் எண்ணை எங்க புதுப்பிக்கணும்னு தப்பவிட்டா கண்டுபிடிக்கிறது இதைவிடக் கஷ்டம்ங்கறது என் எண்ணம்.

காசிமேடு அலை:
அதை நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. குழு முடிஞ்ச நோடை ஸ்டாக்ல இல்லைன்னு குறிச்சு வச்சா லோ-லிங்க் தப்பவே தப்பாது. கிராஃப் டிஸ்க்ல இருந்து துண்டு துண்டா வரும்போது திருப்புறதுதான் பெரிய வேலை, அந்த இடத்துல என் ஓட்டு டார்ஜானுக்கு.