புதுப்பிப்பு: முகவரி நூலகத்தை 2.4.2-க்கு ஏற்றியதும் கெடா மாநில அஞ்சல் குறியீடுகள் கெட்டது ஏன்

என் கேள்வி: "2.4.1-இலிருந்து 2.4.2 வெறும் பேட்ச்தானே, அழைக்கும் நிரல் உடையவே உடையாது இல்லையா?"

உடையும். உதவிய எல்லாருக்கும் நன்றி. இரண்டு பதிப்புக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து விடையை ஒப்பிடச் சொன்ன பினாங்கு அண்ணனின் யோசனைதான் பலித்தது.

முகவரி நூலகம் அலோர் ஸ்டாரின் 05000-ஐ எண்ணாக மாற்றி, "5000" என்றே கொடுத்து வந்திருக்கிறது. 2.4.2-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் எங்கள் பழைய நிரல் கெடா, பெர்லிஸ் என்றால் முன்னால் ஒரு பூஜ்யத்தை ஒட்டும். விளைவு, "005000". சோதனைகளில் இருந்ததெல்லாம் பினாங்கின் 10450, 11900 மாதிரி எண்கள், அதனால் எல்லாமே பச்சை.

ஒட்டும் வரியை இப்படி மாற்றினேன், இரண்டு பதிப்பிலும் ஓடுகிறது:

```
kod = kod.zfill(5)
```

"ஃபங்ஷன் பெயரும் அளபுருக்களும் மாறவில்லையே, எப்படி உடையும்?" என்று கேட்டவர் பாதி சரி. அவை மாறவில்லை, திரும்பி வரும் மதிப்புதான் மாறியது.

எதிர்பாராதது: செமாண்டிக் வெர்ஷனிங் விதிப்படி இது பேட்ச்தான். பிழைத்திருத்தம் என்பது தவறான நடத்தையைத் திருத்தும் உள்மாற்றம் என்றுதான் அந்த விதி சொல்கிறது. அண்ணனோ நூலகக்காரர்கள் மேஜர் எண்ணையே ஏற்றியிருக்க வேண்டும் என்கிறார். எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.