சென்னை காத்து டேட்டா: தீபாவளி அன்னிக்கு ஏறாம மறுநாள் ஏறுது, ஏன்?

தாரா_சைதை
காலேஜ் மினி ப்ராஜெக்ட்டுக்கு சென்னை காத்து மாசு எடுத்திருக்கேன். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட சிபிசிபி சைட்ல இருந்து வேளச்சேரி, ஆலந்தூர், மணலி மூணு ஸ்டேஷனோட டெய்லி ஏக்யூஐ, அதாவது காத்து தரக் குறியீடு, எடுத்து எக்ஸெல்ல கிராஃப் போட்டேன். தீபாவளி அன்னிக்கு பார் சாதாரணமா இருக்கு, மறுநாள் தான் ஏறுது. ஞாயித்துக்கிழமை ட்ராஃபிக் கம்மி, அதனால குறையும்னு நினைச்சேன், அதுவும் பெருசா குறையல. டேட்டா தப்பா? இத எப்படி ஒழுங்கா கம்பேர் பண்றது?

பைதான்_பாண்டி
டேட்டா தப்பு இல்லங்க, நீங்க எடுத்த நம்பர் தான் இந்த வேலைக்கு ஆகாது. டெய்லி ஏக்யூஐ புல்லட்டின் சாயங்காலம் 4 மணிக்கு வர்றது, முந்தின நாள் 4 மணில இருந்து 24 மணி நேர சராசரி அது. தீபாவளி ராத்திரி வெடிச்சது அன்னிக்கு புல்லட்டின்ல எப்படி இருக்கும், மறுநாள் தான வரும். ஏக்யூஐய விட்டுட்டு ஹவர்லி பிஎம் 2.5, அதாவது காத்துல இருக்க நுண்துகள் அளவு, டவுன்லோட் பண்ணுங்க. அதுலயும் நள்ளிரவுல நாள வெட்டாதீங்க. சும்மா கணக்குக்கு சொல்றேன், 20 மணி நேரம் 40, ராத்திரி 10ல இருந்து 2 வரைக்கும் 400ன்னு வச்சுக்கோங்க. மதியத்துல இருந்து மதியம் வரைக்கும் எடுத்தா சராசரி 100 வரும். நள்ளிரவுல வெட்டினா புகை ரெண்டு நாளுக்கும் பாதி பாதியா போயி ரெண்டும் 70னு நிக்கும், பண்டிகையே காணாம போயிடும். நான் இப்படித்தான் பண்ணுவேன்:

```python
df["From Date"] = pd.to_datetime(df["From Date"], dayfirst=True)
df["naal"] = (df["From Date"] - pd.Timedelta(hours=12)).dt.date
df.groupby("naal")["PM2.5"].agg(["mean", "count"])
```

dayfirst விட்டுடாதீங்க. 2021 தீபாவளி 04-11, அத விட்டா பாண்டாஸ் ஏப்ரல் 11னு படிச்சுடும், பல சமயம் எரர் கூட காட்டாது.

சிவகாசி_செல்வம்
வருஷா வருஷம் இதே கத தான். ஒரு ராத்திரி கிராஃப போட்டு பட்டாச குத்தம் சொல்லுறது. மிச்ச 364 நாளும் பஸ்ஸும் லாரியும் விடுற புகைய எவனும் கிராஃப் போட மாட்டான். எங்க ஊர்ல எத்தன குடும்பம் இத நம்பி இருக்குன்னு தெரியுமா தங்கச்சி? சராசரி எடுக்கணும்னா வருஷத்துக்கு எடு, தீபாவளி எவ்வளவு சேக்குதுன்னு அப்ப தெரியும்.

தாரா_சைதை
அண்ணே, நான் பட்டாச தடை பண்ணணும்னு எழுதல. பண்டிகை நாளும் சாதாரண நாளும் டேட்டால வித்தியாசமா தெரியுதா, எத வச்சு அத சொல்லலாம்னு தான் கேக்குறேன்.

கருவி_மூர்த்தி
பல வருஷம் இந்த மாதிரி ஸ்டேஷன் மெஷின் சர்வீஸ் பாத்தவன். பாண்டி சொன்ன புல்லட்டின் விஷயம் சரி. ஆனா மதியம் டு மதியம்ங்கறது டெல்லி மாதிரி ராத்திரி மட்டும் வெடிக்கிற ஊருக்கு பொருந்தும். நம்மூர்ல எண்ணெய் தேச்சு குளிச்சு விடியக்காலைலயே ஆரம்பிச்சுடுறாங்க, அரசு குடுத்திருக்க நேரமே காலைல 6 டு 7, சாயங்காலம் 7 டு 8. அவர் கோட்ல தீபாவளி காலை வெடி முந்தின நாள் கணக்குல விழுந்துடும். போகி இன்னும் மோசம், எரிக்கிறதே விடியறதுக்கு முன்னாடி, மொத்தமும் தப்பு தேதிக்கு போயிடும்.

அதனால நாள் சராசரிய விட்டுடும்மா. பண்டிகைக்கு தகுந்த மாதிரி மணிய எடுத்துக்கோ. தீபாவளிக்கு ராத்திரி 7ல இருந்து 3 வரைக்கும், போகிக்கு விடியக்காலை 4ல இருந்து 9 வரைக்கும். மத்த நாள்லயும் அதே மணிய மட்டும் எடு. இது ஏன் முக்கியம்னா, காத்துக்குன்னு ஒரு தினசரி ஓட்டம் இருக்கு. ராத்திரி தரை குளிர்ந்து காத்து கீழயே தேங்கும், அதே அளவு புகை விட்டாலும் நம்பர் ஏறும். மதியம் வெயில்ல மேல கலைஞ்சுடும், கடல் காத்தும் வரும். ராத்திரிய மதியத்தோட கம்பேர் பண்ணா நீ அளக்குறது பட்டாச இல்ல, சூரியன. பாண்டியோட naal தீபாவளி ராத்திரிக்கு அப்படியே உதவும், இத மட்டும் சேரு:

```python
r = df[df["From Date"].dt.hour.isin([19,20,21,22,23,0,1,2])]
r.groupby("naal")["PM2.5"].agg(["mean", "count"])
```

count 8க்கு 6க்கு கீழ போனா அந்த ராத்திரிய தூக்கிடு. இன்னொண்ணு, ஒரே நம்பர் நாலஞ்சு மணி நேரம் அசையாம நின்னா அது காத்து இல்ல, மெஷின் மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். 1000 கிட்ட போயி தட்டையா நின்னாலும் சந்தேகப்படு, துகள் அளக்குற இந்த பீட்டா மெஷின் பலதுக்கும் அதுக்கு மேல படிக்க முடியாதபடி தான் செட்டிங் இருக்கும். அப்ப உண்மையான உச்சம் எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது, "குறைஞ்சது இவ்வளவு"ன்னு தான் எழுதணும்.

மணலி_அம்மா
என் பையனுக்கு வீசிங் இருக்கு அதான் கேக்குறேன், எங்க மணலில தீபாவளிக்கு மட்டும் இல்ல சாதாரண நாள்லயே ராத்திரி ஜன்னல் தொறக்க முடியல, ஒரு மாதிரி நெடி அடிக்கும். தீபாவளி அன்னிக்கு எத்தன மணிக்கு மேல புள்ளைய வெளிய விடலாம்னு இந்த கிராஃப்ல தெரியுமா? ஆப்ல பச்சை காட்டுது ஆனா அவன் இருமுறான்.

கருவி_மூர்த்தி
அம்மா, ஆப்ல நீங்க பாக்குறது பெரும்பாலும் 24 மணி நேர சராசரி, இந்த நிமிஷத்து காத்து இல்ல. போன ஒரு மணி நேர பிஎம் 2.5 காட்டுற பக்கம் இருந்தா அத பாருங்க. பையன் இருமுனா நம்பர் என்ன சொன்னாலும் டாக்டர் சொன்னபடி போங்க. ஸ்டேஷன் உங்க தெருவுல இல்ல, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலே வேற காத்து.

தாரா, இதுல உனக்கும் ஒரு விஷயம் இருக்கு. மணலில ரிஃபைனரி, தொழிற்சாலை எல்லாம் இருக்கறதால அங்க ராத்திரி ஏறுனா பட்டாசா ஆலையான்னு பிரிக்க முடியாது. பட்டாசுல கந்தகம் இருக்கு, அதனால பிஎம் 2.5 கூடவே சல்ஃபர் டைஆக்ஸைடும் சேந்து ஏறுனா பட்டாசுன்னு ஓரளவு சொல்லலாம், ஆனா மணலில அந்த சல்ஃபர் எப்பவுமே வரும். வேளச்சேரி குடியிருப்பு ஸ்டேஷன வச்சுக்கோ.

சிவகாசி_செல்வம்
சரிய்யா, மழைய என்ன செய்வீங்க? தீபாவளி வர்றதே ஐப்பசில. முன்ன பின்ன மழை பேஞ்சு காத்து கழுவிட்டு போயிருக்கும், அந்த சுத்தமான நாளோட எங்க நாள கம்பேர் பண்ணி "பாத்தீங்களா எப்படி ஏறிருச்சு"ன்னு சொல்லுவீங்க. அது நியாயமா?

கருவி_மூர்த்தி
நியாயம் இல்ல, இத ப்ராஜெக்ட்ல கண்டிப்பா எழுதணும். 2021ல தீபாவளி நவம்பர் 4, மூணே நாள்ல 7ஆம் தேதி சென்னைல கொட்டித் தீத்துச்சு. அந்த வாரத்த "சாதாரண நாள்"னு எடுத்தா பட்டாசு இருக்கறத விட மோசமா தெரியும். தீபாவளி அன்னிக்கே மழை பேஞ்ச வருஷத்துல உல்டாவா பட்டாசே வெடிக்காத மாதிரி தெரியும். மீனம்பாக்கம் மழை அளவ பக்கத்து காலம்ல போட்டு, மழை பேஞ்ச நாளையும் அதுக்கு மறுநாளையும் ரெண்டு பக்கமும் எடுத்துடணும். ஆனா செல்வம், வருஷ சராசரில போட்டு பாருன்னு சொன்னீங்களே, அது வேற கேள்வி. ஒரு ராத்திரி 400 மூச்சுல போறத 365ஆல வகுத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும், அந்த அம்மா பையன் மூச்சு விடுறது அந்த ராத்திரில தான்.

சிவகாசி_செல்வம்
வேற கேள்வியா இருக்கலாம், ஆனா அந்த கேள்வியவும் ஒருத்தர் கேக்கணும்ல. ரெண்டையும் போடச் சொல்லுங்க.

பைதான்_பாண்டி
போடலாம், தப்பில்ல. ஆனா மூர்த்தி சார், சாருங்க வைவால கேக்கறது பி வேல்யூ, இந்த வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புங்கற நம்பர். தீபாவளியோட 8 மணி நேரத்த ஒரு குரூப், மத்த ராத்திரியோட நூத்துக்கணக்கான மணி நேரத்த இன்னொரு குரூப், டி டெஸ்ட் போட்டா முடிஞ்சுது, 0.001க்கு கீழ வந்துடும்.

கருவி_மூர்த்தி
வந்துடும், அதுல தான் பிரச்சனை. 10 மணிக்கு புகை இருந்தா 11 மணிக்கும் இருக்கும், அது எட்டு தனித்தனி சாட்சி இல்ல, ஒரே சாட்சி எட்டு தடவ பேசுறது. ஏதோ ஒரு சாதாரண செவ்வாக்கிழமை ராத்திரி எட்டு மணி நேரத்த எடுத்து இதே டெஸ்ட் போட்டுப் பாருங்க, பல நாளுக்கு அதுவும் "குறிப்பிடத்தக்க வித்தியாசம்"னு சொல்லும். வருஷத்துக்கு ஒரு தீபாவளி, ஒரு சாட்சி. முன்ன 15 பின்ன 15 நாள் எடுத்து மழை நாள கழிச்சுட்டு, மிச்ச ராத்திரிகள்ல தீபாவளி எத்தனாவது இடம்னு பாருங்க. 2021ல இருந்து 2025 வரைக்கும் அஞ்சு தீபாவளி: நவம்பர் 4, அக்டோபர் 24, நவம்பர் 12, அக்டோபர் 31, அக்டோபர் 20. அஞ்சுலயும் முதலிடம்னா யாரும் தற்செயல்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டுல முதலிடம், மூணுல நடுவுலன்னா அத அப்படியே எழுதணும்.

பைதான்_பாண்டி
ரேங்க் நல்ல ஐடியா தான், ஆனா 20 ராத்திரில முதலிடம்னா கூட அது 20ல ஒண்ணு, ஒரு வருஷத்துக்கு அது பெரிய ஆதாரமே இல்லயே? ஒரு வருஷ டேட்டா மட்டும் கைல இருக்கறவங்க என்ன தான் பண்றது?

கருவி_மூர்த்தி
ஒரு வருஷம் வச்சு பெருசா சொல்லாம இருக்கறது தான். எவ்வளவு ஏறுச்சுன்னு சொல்லலாம், அது பண்டிகையால தான்னு அடிச்சு சொல்லக்கூடாது.

பைதான்_பாண்டி
எனக்கு இதுல உடன்பாடு இல்ல. மணிக்கு மணி ஏறுற நேரம் வெடி நேரத்தோட பொருந்துனா அதுவும் ஆதாரம் தான், ரேங்க் மட்டுமே பாத்தா அது வீணா போகுது.

தாரா_சைதை
ரெண்டு பேருக்கும் தேங்க்ஸ். அப்ப ஞாயித்துக்கிழமை? அது ஏன் குறையல?

கருவி_மூர்த்தி
ட்ராஃபிக்குக்கு நீ தப்பு வாயுவ எடுத்திருக்க. பிஎம் 2.5ல வண்டிப் புகை ஒரு பங்கு தான், சமையல், குப்பை எரிப்பு, தூரத்துல இருந்து வர்றது எல்லாம் சேந்து நாள் கணக்குல மிதக்கும், சனிக்கிழமை புகை ஞாயித்துக்கிழமையும் இருக்கும். காலைல 8 மணி உச்சத்த பாத்து எல்லாரும் ஆபீஸ் ட்ராஃபிக்னு எழுதுவாங்க. ஞாயித்துக்கிழமைய மட்டும் தனியா போட்டு பாரு, அந்த மேடு அன்னிக்கும் இருந்துச்சுன்னா அதுல பெரும்பங்கு தேங்குன காத்து. ஆலந்தூர் ஸ்டேஷன் பஸ் டிப்போல இருக்கு, அங்க நைட்ரஜன் டைஆக்ஸைட எடுத்து காலை 8 டு 11, ஞாயிறுக்கும் செவ்வாய் புதன் வியாழனுக்கும் போடு. வண்டி குறைஞ்சா சீக்கிரம் குறையறது அது தான். பொங்கல் வாரத்த மட்டும் சேக்காத. ஊரே காலியாகி ட்ராஃபிக் குறையும், அதே வாரம் போகிப் புகையும் வரும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு மறைச்சுடும்.

தாரா_சைதை
புரியுது சார். ஏக்யூஐ 100ல இருந்து 200 ஆச்சுன்னா மாசு ரெண்டு மடங்குன்னு முதல் பக்கத்துல எழுதியிருந்தேன், அது நிக்குமா?

பைதான்_பாண்டி
நிக்காது. பிஎம் 2.5 60க்கு ஏக்யூஐ 100, 90க்கு 200. மாசு ஒன்றரை மடங்கு தான் ஆச்சு. அதுக்கு மேல 120ல 300, 250ல தான் 400, ஒவ்வொரு படிக்கும் அளவு வேற. ஏக்யூஐய கூட்டாதீங்க, சராசரி எடுக்காதீங்க, மைக்ரோகிராம்லயே எழுதுங்க.

சிவகாசி_செல்வம்
முடிச்சதும் இங்கயே போடு தங்கச்சி. மழை நாள கழிச்சு வர்ற ரேங்க் எங்களுக்கு பாதகமா வந்தாலும் போடு, நான் படிக்கிறேன். காலை வெடி, ராத்திரி வெடி ரெண்டையும் தனித்தனியா போடு, அரசு சொன்ன மணில வெடிச்ச புகை எவ்வளவு, அதுக்கு மேல வெடிச்சது எவ்வளவுன்னு எனக்கு தெரியணும்.

கருவி_மூர்த்தி
8 மணிக்கு வெடிச்ச புகை 11 மணிக்கும் காத்துல இருக்குமே செல்வம், மணிய வச்சு அத சுத்தமா பிரிக்க முடியாது. 7 டு 8ல எவ்வளவு வேகமா ஏறுது, 8க்கு அப்புறமும் ஏறிக்கிட்டே போகுதா இல்ல இறங்குதான்னு வேணா பாக்கலாம்.