அப்டேட்: கலாத்தியா ஓரம் கருகுறது

என் பழைய கேள்வி: "கலாத்தியா இலை சுருண்டுக்குது, ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்குது, தினம் ஸ்ப்ரே பண்றேன், என்ன பண்ண?"

நர்சரி வச்சிருக்குற அக்கா சொன்னது சரியா இருந்துச்சு. மதியம் ஏசி ஓடும்போது சுருண்டு ராத்திரி விரியுதுன்னா அது வறண்ட காத்து, ஓரம் கருகுறது தண்ணியில இருக்குற உப்பு. எங்க போர் தண்ணி டிடிஎஸ் 900க்கு மேல. மேற்கு ஜன்னல் வெயிலும் ஏசி காத்தும் இலைலேர்ந்து தண்ணிய இழுக்க இழுக்க வேர் அதே உப்புத் தண்ணிய இன்னும் உறிஞ்சி மேல அனுப்புது, தண்ணி ஆவியாயிடும், உப்பு ஓரத்துலயே தங்கிடும். ஸ்ப்ரே ஈரம் கொஞ்ச நேரத்துல காஞ்சிடுது.

"தண்ணிய ராத்திரியே பிடிச்சு வச்சு காலையில ஊத்துங்க"ன்னு சொன்ன தம்பி, அதுல குளோரின் வேணா போகும், உப்பு போகாதுப்பா.

இப்ப செடிய ஜன்னல்லேர்ந்து உள்ள தள்ளி, ஏசி காத்து நேரா படாம வச்சிருக்கேன். தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மூணு மடங்கு ஆர்ஓ தண்ணிய மெதுவா ஊத்தி அடியில வடிய விட்டேன், தட்டுல தேங்குனத கொட்டிட்டேன். ஆர்ஓ மெஷினோட வேஸ்ட் டியூப்ல வர்ற தண்ணி வேணாம், அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி.

புது இலை ஓரம் சுத்தமா வருது. பழைய கருகல் பச்சையாகாது, கத்தரிச்சிட்டேன்.



ஒரு புது இலைக்கு மட்டும் நுனி பழுப்பா இருக்கு. உரம் ஜாஸ்தியாயிடுச்சான்னு டவுட்டு, நிறுத்திப் பாக்குறேன்.