டாமாக்சிஃபென் சாப்பிடுறப்போ வர்ற அனல்: ஹார்மோன் இல்லாம சமாளிச்சவங்க எழுதுங்க

வேணி, கோவை
வயசு 49. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு இப்போ அது திரும்ப வராம இருக்க தினமும் டாமாக்சிஃபென் 20 மி.கி. கீமோவிலேயே மாதவிடாய் நின்னுடுச்சு. அப்புறம் ஆரம்பிச்சது அனல். நெஞ்சுல கிளம்பி கழுத்து, முகம்னு ஏறும், நாலஞ்சு நிமிஷம் வேர்த்துக் கொட்டும், அடங்கினதும் குளிரும். ராத்திரி நைட்டி நனைஞ்சு எழுந்து மாத்தணும். எனக்கு ஹார்மோன் சிகிச்சை கூடாது.

பக்கத்துத் தெரு டாக்டர் பராக்செட்டின்னு ஒரு மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அனலுக்கு அது கேக்கும்கிறது உண்மைதான். ஆனா மருந்துக்கடைத் தம்பி என் பழைய சீட்டைப் பாத்துட்டு, "அக்கா, புற்றுநோய் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கிக்கங்க"ன்னு நிறுத்திட்டார். புற்றுநோய் டாக்டர் அதை எடுத்துட்டு இன்னொரு மனச்சோர்வு மாத்திரை, வென்லாஃபாக்சின் 37.5 மி.கி., காலைல சாப்பாட்டுக்கு அப்புறம்னு கொடுத்தாங்க. முதல்ல குமட்டல், வாய் வறட்சி. ரெண்டாவது வாரத்துல ராத்திரி வேர்வை குறைஞ்சது. பிறகு 75 ஆக்கினாங்க. அனல் இப்பவும் வருது, ஆனா தூங்க முடியுது.

சரசு அக்கா, தஞ்சாவூர்
வேணிம்மா, மனநோய் மாத்திரையெல்லாம் எதுக்கு? நான் சோயாவும் ஆளி விதையும் சாப்பிட்டு, சாயங்காலம் நடந்தேன், ஒரு வருஷத்துல போயிடுச்சு. மசாலா, காபி குறைச்சுப் பாரு.

ஓய்வுபெற்ற நர்ஸ், சென்னை
சரசு அக்கா, உங்களுக்குக் குறைஞ்சதுல சந்தோஷம். அனல் பல பேருக்குத் தானாவும் தணியும், அதனால எதனால போச்சுன்னு சொல்றது கஷ்டம். நடை எலும்புக்கும் இதயத்துக்கும் அவசியம், விடாதீங்க. ஆனா அனலைக் குறைக்கும்னு ஆய்வுகள் உறுதியாக் காட்டல. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல வெளியிட்ட அறிக்கை சோயாவையும் மூலிகைகளையும் இதுக்குப் பரிந்துரைக்கல. அதிக எடை இருக்கிறவங்க குறைச்சா பலன் உண்டுன்னு சொல்லுது. உணவுல சோயா வேற, சோயா மாத்திரை வேற. வேணி மாதிரி இருக்கிறவங்க மாத்திரையா எடுக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் கேக்கணும்.

வேணி, அந்தத் தம்பி செஞ்சது பெரிய காரியம். டாமாக்சிஃபென் அப்படியே முழுசா வேலை செய்யாது. கல்லீரல்ல ஒரு என்சைம் அதை எண்டாக்சிஃபென்னா மாத்தினாத்தான் அதுக்கு முழு பலம். பராக்செட்டின், ஃப்ளூயாக்செட்டின் ரெண்டும் அந்த என்சைமை நல்லா அடக்கிடும். வென்லாஃபாக்சின் ரொம்பத் தொடாது. ஆனா பிபி ஏத்தலாம், பாத்துக்கிட்டே இருங்க. திடீர்னு நிறுத்தாதீங்க. தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி, கிறுகிறுப்பு வரும்.

வேணி, கோவை
ஊருக்குப் போனப்போ மாத்திரையை மறந்துட்டுப் போய் அதே ஷாக் வந்துச்சு அக்கா. பிபி வந்ததுன்னு நினைச்சுப் பயந்துட்டேன்.

கமலா, திருச்சி
எனக்கு நின்னு ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி லேசா ரத்தம் படுது. இதுக்கும் இந்த மாத்திரை சாப்பிடலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், சென்னை
கமலா, இது வேற விஷயம்மா. நின்னு ஒரு வருஷத்துக்குப் பிறகு ரத்தம் பட்டா, துளியா இருந்தாலும், இந்த வாரமே மகப்பேறு டாக்டர்கிட்ட போய் கர்ப்பப்பை ஸ்கேன் பாருங்க. வேணி, உங்களுக்கும் இதைச் சொல்றேன், டாமாக்சிஃபென் கர்ப்பப்பை உள்சவ்வைத் தடிக்க வைக்கலாம்.

ஆசிரியை, மதுரை
நான் மாத்திரை வேண்டாம்னு சிபிடிங்கிற பேச்சு சிகிச்சைக்குப் போனேன், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தச் சொல்லிக் கொடுப்பாங்க. லண்டன்ல மைரா ஹண்டர் குழு அனலுக்குன்னே உருவாக்கிய முறை. மார்பகப் புற்றுநோய் வந்தவங்ககிட்டயும் சோதிச்சிருக்காங்க. வகுப்புல அனல் வந்தா, "எல்லாரும் என்னைத்தான் பாக்கிறாங்க, மயங்கி விழுந்துடுவேன்"னு மனசு ஓடும். அந்த எண்ணத்தை நோட்ல எழுதி, உண்மையிலேயே யாராவது கவனிச்சாங்களான்னு பாக்கச் சொன்னாங்க. பெரும்பாலும் யாருமே கவனிக்கல. அனல் கிளம்பறப்போ தோளைத் தளர்த்தி, மெதுவா வயித்துல மூச்சு விட்டு, பேசிட்டிருந்த பாடத்தையே தொடரணும். ராத்திரி முழிப்பு வந்தா மணி பாக்கக் கூடாது, நைட்டியை மாத்திட்டு உடனே படுக்கணும். எனக்கு எத்தனை தடவை வருதுங்கிறது அவ்வளவா மாறல, அதோட தொல்லை பாதியாச்சு. மூச்சுப் பயிற்சியை மட்டும் தனியா செஞ்சப்போ இந்தப் பலன் இல்ல.

பிரியா, நியூ ஜெர்சி
இங்க என் அக்காவுக்கு ஃபெசோலினெடன்ட் கொடுத்தாங்க, 45 மி.கி. 2023 மே மாசம் அனுமதி வந்தது. மூளையில உடல் சூட்டைக் கட்டுப்படுத்துற இடத்துலயே வேலை செய்யும், ஹார்மோன் இல்ல. சீக்கிரமே அனல் குறைஞ்சது. ஆனா முதல்ல மாசாமாசம் கல்லீரல் ரத்தப் பரிசோதனை உண்டு. வேணிக்குக் கேக்கலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், சென்னை
அதுக்கு அனுமதி வாங்கின ஆய்வுகள்ல மார்பகப் புற்றுநோய் வந்தவங்களைச் சேர்க்கல பிரியா. அதனால வேணிக்கு நான் அவசரப்பட மாட்டேன். அவங்க டாக்டர் முடிவு பண்ணட்டும்.

வேணி, கோவை
ராத்திரி வேர்வை இன்னும் கொஞ்சம் பாக்கி. டாக்டர் படுக்கப் போறப்போ காபாபென்டின் 300 மி.கி. சேர்க்கலாமான்னு யோசிக்கிறாங்க. காலைல ஸ்கூட்டர் ஓட்டணும், மயக்கமா இருக்குமோன்னு தயக்கம். யாராவது எடுத்தீங்களா?