எண் பொத்தான் உள்ள பென் டிரைவ் சரியான பின் எண்ணையே ஏற்க மறுக்கிறது: இன்னும் எத்தனை முறை முயலலாம்?

பேரேடு_ஈரோடு
வணக்கம். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் ஐயா வாடிக்கையாளர்களின் பழைய கணக்குகளை, மேலேயே எண் பொத்தான்கள் உள்ள ஒரு பென் டிரைவில் பூட்டி வைத்திருந்தார். பதினொரு மாதம் பீரோவிலேயே கிடந்தது. நேற்று எடுத்து, சாவிப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, எட்டு இலக்கத்தையும் அழுத்தி, மறுபடி சாவிப் பொத்தானை அழுத்தினோம். பச்சை வரவில்லை. சிவப்பு விளக்கு சில முறை துடித்து அணைந்துவிட்டது.

எண் தவறில்லை. ஐயா தம் கையால் வைத்த எண். டைரியில் எழுதியிருக்கிறார், நினைவிலும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான். நான் நான்கு முறை முயன்றேன். தொடர்ந்து பத்துத் தவறானால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு கை வைக்கவே பயமாக இருக்கிறது. இந்தக் கோப்புகளுக்கு வேறு பிரதி இல்லை. என்ன செய்யலாம்?

கணினி_நண்பன்
கவலை வேண்டாம், எனக்கும் இதே நடந்தது. விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண் ஒன்று கொடுத்திருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டால் திறந்துவிடும்.

பூட்டுச்சாவி
நண்பரே, நீங்கள் சொல்வது பிட்லாக்கர். அதில் பூட்டுவது விண்டோஸ். இவர் கையில் இருப்பதில் பூட்டும் சில்லு பென் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கணினிக்கும் அதன் எண் தெரியாது, மீட்பு எண் என்று ஒன்று எங்கும் சேமிக்கப்படுவதும் இல்லை.

பேரேடு, முதலில் கையை எடுத்துவிடுங்கள். பிறகு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறு யாராவது முயன்றார்களா? அட்மின் பின் என்று தனியாக ஒன்று வைத்தாரா? ஒவ்வோர் எண்ணையும் அழுத்தும்போது ஏதாவது விளக்கு ஒரு கணம் மினுங்குகிறதா? எல்லா மாடல்களிலும் மினுங்காது. உங்களுடையதில் மினுங்கினால் அது பெரிய உதவி.

தஞ்சை_மின்சாரம்
இது முழுக்க முழுக்க பேட்டரி. இந்த வகைக்குள் சின்னஞ்சிறு லித்தியம் பேட்டரி இருக்கும். பதினொரு மாதத்தில் இறங்கிப்போயிருக்கும். பேட்டரி பலவீனமானால் பொத்தான் அழுத்தம் பாதிதான் பதியும். ஒரு மணி நேரம் கணினியில் செருகி வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பூட்டுச்சாவி
சார்ஜ் செய்யச் சொன்னது சரி, அதுதான் முதல் வேலை. செருகி வைத்தால் மட்டும் முயற்சிக் கணக்கு ஏறாது. கணினியின் பின்பக்க யுஎஸ்பி துளையிலோ சாதாரண கைபேசி சார்ஜரிலோ செருகுங்கள். நீண்ட காலம் கிடந்ததற்கு ஒரு மணி நேரம் போதாமல் போகலாம், இரவு முழுக்க விடுங்கள். ஆனால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்பிக்கொண்டு, சார்ஜ் ஆன கையோடு ஐந்தாம் முயற்சியில் இறங்காதீர்கள். பேட்டரி அறவே இறங்கியிருந்தால் விளக்கே எரியாது. உங்களுக்குச் சிவப்பு துடிக்கிறது. அதாவது சில்லு விழித்திருக்கிறது, எதையோ வாங்கிப் பார்த்து மறுத்திருக்கிறது. நீங்கள் அழுத்தியதும் அது வாங்கியதும் ஒன்றுதானா என்பதே இப்போதைய கேள்வி.

மதுரை_மல்லிகா
என் அனுபவத்தைச் சொல்கிறேன், உதவினாலும் உதவலாம். எனக்கு எண்ணாக நினைவில்லை, விரல் போகும் வழியாகத்தான் நினைவிருந்தது. கணினி விசைப்பலகையின் வலப்பக்க எண் பகுதியில் பழகிய விரல். அங்கே 7 8 9 மேல் வரிசையில் இருக்கும், கைபேசியில் 1 2 3 மேலே இருக்கும். பென் டிரைவிலோ எண்கள் இரண்டிரண்டாகக் கீழிறங்கின. மூன்று முறை தவறிய பிறகுதான் காகிதத்தில் விசைப்பலகையை வரைந்து, விரல் போன வழியை எண்ணாக எழுதிப் பார்த்தேன். பிறகு ஒரே முறையில் திறந்தது.

பேரேடு_ஈரோடு
மல்லிகா அம்மா, ஐயா டைரியில் எண்ணாகவே எழுதியிருக்கிறார், அதனால் அந்தக் குழப்பம் இல்லை.

பூட்டுச்சாவி சார், அட்மின் பின் வைக்கவில்லையாம். ஐயாவின் மகனும் போன வாரம் "ஒன்றிரண்டு முறை" முயன்றதாக இன்றுதான் சொல்கிறார். எண்ணை அழுத்தும்போது சிவப்பு ஒரு கணம் மினுங்குவது உண்மைதான், நான் அதைக் கவனிக்கவே இல்லை. எண்ணில் 5 அடுத்தடுத்து இரண்டு முறை வரும். முழு எண்ணையும் இங்கே எழுதினால் பார்க்க வசதியாக இருக்குமா?

பூட்டுச்சாவி
எழுதவே எழுதாதீர்கள். 5 பற்றிச் சொன்னதே அதிகம்.

கணக்கு இப்போது நான்கு இல்லை, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு என்றால் இரண்டு. கையில் இருப்பது நான்கு முயற்சி. இரண்டைத் தொடவே கூடாது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அட்மின் பின் இருந்திருந்தால் அதை வைத்துத் திறந்திருக்கலாம், அந்த வழி அடைபட்டுவிட்டது.

அடுத்ததாகக் கையேட்டில் ஓர் இடத்தைத் தேடுங்கள். ஒரு முயற்சி எப்போது எண்ணப்படுகிறது? கடைசியில் சாவிப் பொத்தானை அழுத்தும்போதா, அல்லது பாதியில் விட்டுத் தானாக அணைந்தாலுமா? பாதியில் விட்டால் எண்ணப்படாது என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நான் சொல்லப்போகும் சோதனையைச் செய்யலாம். எழுதவில்லை என்றால் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பதில் வாங்காமல் தொட வேண்டாம்.

தஞ்சை_மின்சாரம்
இவ்வளவு ஏன்? பொத்தான்கள் மேல் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் அழுக்கு போய்விடும். இல்லாவிட்டால் தரவு மீட்புக் கடைக்காரரிடம் கொடுங்கள், நினைவகச் சில்லைப் பெயர்த்து எடுத்துப் படித்துவிடுவார்கள்.

பூட்டுச்சாவி
தெளிக்கக் கூடாது. பொத்தான் விளிம்பு வழியாக அழுக்கு கரைந்து உள்ளே இறங்கினால் இன்று பாதி வேலை செய்யும் பொத்தான் நாளை முழுக்கச் செத்துவிடும். மெல்லிய துணியை அந்தத் திரவத்தில் லேசாக நனைத்து, பிழிந்து, மேற்பரப்பை மட்டும் துடைக்கலாம். காய்ந்த பிறகே அடுத்த வேலை.

சில்லைப் பெயர்ப்பதை நினைக்கவே வேண்டாம். சாதாரண பென் டிரைவில் அது பலன் தரும். இதில் நினைவகத்தில் இருப்பதெல்லாம் ஏஇஎஸ் 256 பிட் குறியாக்கத்தில் கிடக்கிறது, திறக்கும் சாவி வேறொரு சில்லில் இருக்கிறது. பெயர்த்து எடுத்தால் கிடைப்பது வெறும் இரைச்சல். பல மாடல்களில் உள்ளே எபாக்சி பசை ஊற்றி இறுக்கியிருப்பார்கள், பிரிக்கும்போதே உடையும். "நிச்சயம் மீட்டுத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பேரேடு_ஈரோடு
கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. கடைசியில் சாவிப் பொத்தானை அழுத்தினால்தான் முயற்சி. அழுத்தாமல் விட்டால் தானாக அணைந்துவிடும், கணக்கில் சேராது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டேன். இப்போது என்ன சோதனை?

பூட்டுச்சாவி
சாவிப் பொத்தானை ஒரு முறை அழுத்தி எழுப்புங்கள். பிறகு 1 ஐ மட்டும் நிதானமாகச் சில முறை அழுத்தி, ஒவ்வொரு முறையும் சிவப்பு மினுங்குகிறதா என்று பாருங்கள். தானாக அணையட்டும். பிறகு மறுபடி எழுப்பி 2, அதேபோல 3. எழுப்பிய பிறகு, அணையும் வரை சாவிப் பொத்தானை இரண்டாம் முறை தொடவே கூடாது. அதைப் பத்திரமாக மறைக்க ஒருவர் பக்கத்தில் இருந்து விரலால் மூடிக்கொள்ளலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை அழுத்தம், எத்தனை மினுங்கல் என்று காகிதத்தில் எழுதுங்கள்.

பேரேடு_ஈரோடு
செய்தேன். ஐயா எழுதினார், நான் அழுத்தினேன். 5 ஐத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து. 5 இல் பத்து அழுத்தத்துக்கு ஏழு மினுங்கல். அதிலும் ஒரு முறை ஒரே அழுத்தத்துக்கு இரண்டு மினுங்கியது போலத் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் 5 இன் ரப்பர் மட்டும் பளபளவென்று வழவழப்பாக இருக்கிறது, எண்ணின் வெள்ளை மை பாதி அழிந்திருக்கிறது. அழுத்தும்போது மற்றவற்றில் இருக்கும் அந்தச் சிறு "டிக்" இதில் இல்லை.

பூட்டுச்சாவி
அப்படியானால் ஐயாவின் எண் சரி. எட்டு இலக்கம் அழுத்தினீர்கள், அது ஏழோ ஆறோ ஒன்பதோ வாங்கியிருக்கிறது. தவறான நீளத்தில் வந்த எண்ணைத்தான் அது மறுத்தது.

இனி விரலை நம்பாமல் விளக்கை நம்புங்கள். விரல் நுனியின் சதையால் அழுத்தாமல், பென்சிலின் பின்பக்க ரப்பரால் பொத்தானின் நடுவில் நேராக, ஒரே சீராக அழுத்துங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மினுங்கல். 5 இல் மினுங்கல் வராவிட்டாலோ இரண்டு வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். "வரவில்லையே" என்று கூடுதலாக ஒரு முறை அழுத்திச் சரிக்கட்ட வேண்டாம், அணையவிட்டு முதலிலிருந்து வாருங்கள். எட்டு மினுங்கல் சுத்தமாக எண்ணி முடித்தால் மட்டுமே சாவிப் பொத்தான். இருபது முறை பாதியில் விட்டாலும் நஷ்டமில்லை. எழுதிய எண்ணைக் கண் முன் வையுங்கள். அதற்காக மிக மெதுவாகவும் போகாதீர்கள், நடுவில் அணைந்துவிடும்.

இன்னொன்று. பச்சை வந்தால் உடனே செருக வேண்டும். எவ்வளவு நேரம் தருகிறது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், முப்பது நொடிதான் தரும் மாடல்கள் உண்டு. பச்சை வந்து செருகத் தாமதித்து, மறுபடி பூட்டிக்கொண்டதை "எண் தவறு" என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள்.

பேரேடு_ஈரோடு
திறந்துவிட்டது!

ஆறு முறை பாதியில் விட்டோம். ஏழாம் முறை எட்டு மினுங்கலும் சுத்தமாக வந்தன, ஐயா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். சாவிப் பொத்தானை அழுத்தினேன், பச்சை. கை நடுங்கி மூடியைக் கீழே போட்டுவிட்டேன், எடுத்துத் துடைப்பதற்குள் சிவப்பாகிவிட்டது. உயிரே போய்விட்டது. ஆனால் சரியான எண்ணை ஏற்றதும் தவறுகளின் கணக்கு பூஜ்யமாகிவிடும் என்று கையேட்டில் இருந்ததால் தைரியமாக மறுபடி செய்தோம், மூன்றாம் முறையில் வந்தது. எல்லாக் கோப்புகளையும் அலுவலகக் கணினியில் பிரதி எடுத்து, இரண்டொன்றைத் திறந்தும் பார்த்துவிட்டோம். பூட்டுச்சாவி சார், ஐயா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

தஞ்சை_மின்சாரம்
சார்ஜ் போட்ட பிறகுதானே திறந்தது? பேட்டரி என்று நான் சொன்னதும் இதில் சேரும்.

பூட்டுச்சாவி
சேரலாம். சார்ஜுக்கு முன்பே 5 ஐ எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முழு சார்ஜிலும் பத்துக்கு ஏழுதான் வந்தது என்பதால் பொத்தான் தேய்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பேரேடு, தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் இன்றே எண்ணை மாற்றுங்கள், புதிய எண்ணில் 5 வரக் கூடாது. ஒரே பொத்தான் மட்டும் தேய்ந்து தெரிவது பார்ப்பவருக்குத் துப்புக் கொடுப்பதும்தான். மாற்றும்போது புதிய எண்ணை இரண்டு முறை கேட்கும். அப்போதும் மினுங்கலை எண்ணுங்கள். இல்லையென்றால் தவறாகப் பதிந்த எண்ணே புதிய எண்ணாகிவிடும்.

மதுரை_மல்லிகா
நானாக இருந்தால் அதில் இனி எதையும் வைக்க மாட்டேன். இன்று 5 போனது, நாளை சாவிப் பொத்தானே போனால்?

பேரேடு_ஈரோடு
ஐயாவும் அதையேதான் சொல்கிறார். வேறொன்று வாங்கும் வரை எண்ணை மாற்றி வைத்திருக்கிறோம், பிரதி கணினியிலும் இருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: பழையதைத் தூக்கிப் போடும் முன், ரீசெட் செய்தால் போதுமா, உடைக்கவும் வேண்டுமா?